புள்ளி தேயாமல் இரைச்சலை அகற்றுவது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அம்மப்பாவின் பழைய வைத்தியப் புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். கொக்குவிலில் வீட்டு விறாந்தை, பின்னேரம், கரண்ட் இல்லை. மேசையில் புத்தகத்தை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் போனை வைத்து எடுத்த படங்கள். வெளிச்சம் போதாததால் போன் தானாகவே ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டது. காகிதம் முழுக்க மணல் தூவியது போல இரைச்சல்.

அதை ஒரு பைலேட்டரல் வடிகட்டியில் போட்டு, வழுவழுவென்று வந்த பக்கத்தை அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு வரி வாசித்தார். "என்ன மோனை, இதில குத்தெல்லாம் எங்க போனது?" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். 'எள்' என்று இருந்த இடத்தில் 'எள', 'பால்' இருந்த இடத்தில் 'பால'. எழுத்துகளின் உடல் கறுப்பாக, கூர்மையாக அப்படியே நின்றது. மேலே இருந்த புள்ளிகள் மட்டும் காகிதத்தோடு கரைந்துபோயிருந்தன.

விளிம்பைக் காப்பாற்றும் வடிகட்டி என்று பெயர் எடுத்தது, தமிழ்ப் பக்கத்தில் மிக முக்கியமான விளிம்பைத் தின்றுவிட்டது. ஏன் அப்படி நடந்தது, எந்த அறிகுறிக்கு எந்த எண்ணைத் திருப்புவது என்பதை அந்தப் பக்கத்தையே வைத்துச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளை, 8 பிட் படம், ஓபன்சிவி நூலகம். மஞ்சள் காகிதத்தின் நிறம் தேவைப்பட்டால் தனியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புக்குச் சாம்பல் படமே போதும்.

முதலில் இரண்டு அளவுகள்

எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கும் முன்னர், இரைச்சல் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். எழுத்தே இல்லாத ஓரப்பகுதியில் 60க்கு 60 பிக்சல் சதுரம் ஒன்றை எடுத்து அதன் நியமவிலகலைப் பாருங்கள்.

```python
import cv2, numpy as np
g = cv2.imread("pakkam.png", 0)
m = g[40:100, 40:100].astype(np.float32)
s1 = m.std()
s2 = np.diff(m, axis=1).std() / np.sqrt(2)
print(s1, s2)
```

`s1` நேரடி அளவு. `s2` பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசத்திலிருந்து வருவது. ஒவ்வொரு பிக்சலின் இரைச்சலும் தனித்தனியானது என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். வராவிட்டால் என்ன பொருள் என்பதைக் கீழே 'திட்டுகள்' பகுதியில் சொல்கிறேன். என் பக்கத்தில் இரண்டும் 12 அளவில் வந்தன.

அடுத்தது எழுத்தின் ஆழம். காகிதம் 185, நல்ல மை ஏறிய எழுத்து 80, மங்கிப்போன புள்ளி 140. அதாவது எழுத்துக்கும் காகிதத்துக்கும் இடைவெளி 105, புள்ளிக்கும் காகிதத்துக்கும் 45 மட்டுமே. புள்ளியின் பருமன் மூன்றுக்கு மூன்று பிக்சல். இனி வரும் எல்லாமே 12, 45, 105 என்ற இந்த மூன்று எண்களுக்குள் நடக்கும் இழுபறிதான்.

அறிகுறி: புள்ளிகள் மங்குகின்றன, எழுத்து அப்படியே இருக்கிறது

பைலேட்டரல் வடிகட்டி ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள பிக்சல்களை வைத்துச் சராசரி எடுக்கும். சாதாரண மங்கலாக்கலும் அதைத்தான் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இதில் ஒவ்வொரு அயல் பிக்சலுக்கும் இரண்டு எடைகள் உண்டு. ஒன்று தூரத்தைப் பொறுத்தது, மற்றது ஒளி அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்தது. வேறுபாடு பெரிதானால் எடை சுருங்கும். கறுப்பு எழுத்துக்குள் நிற்கும் பிக்சல் வெள்ளைக் காகிதத்தின் பேச்சைக் கேட்காது. விளிம்பு பிழைப்பது அதனால்தான். எவ்வளவு வேறுபட்டால் கேட்காமல் விடுவது என்று தீர்மானிப்பது `sigmaColor`. இந்த வடிகட்டிக்குப் பெயர் வைத்து, இந்த வடிவத்தில் 1998இல் எழுதியவர்கள் தொமாசியும் மந்துச்சியும்.

எடையின் சூத்திரம் இது. Δ என்பது ஒளி வேறுபாடு:

```
w = exp(-Δ² / (2 · sigmaColor²))
```

ஓபன்சிவி பயிற்சிப் பக்கத்தில் உள்ள உதாரணம் `cv2.bilateralFilter(img, 9, 75, 75)`. நானும் அதைத்தான் அப்படியே எடுத்துப் போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். `sigmaColor` 75 என்றால், 105 தள்ளி இருக்கும் எழுத்துக்குக் காகிதம் கொடுக்கும் எடை 0.38. அதுவே அதிகம்தான், ஆனால் எழுத்தின் கோடு தடிப்பானது, அயலில் தன் இனத்துப் பிக்சல்கள் நிறைய இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. 45 மட்டும் தள்ளி இருக்கும் புள்ளிக்கோ காகிதத்தின் எடை 0.84. அந்த வடிகட்டிக்குப் புள்ளியும் காகிதமும் ஏறக்குறைய ஒரே பொருள்.

எடை மட்டும் அல்ல, எண்ணிக்கையும் புள்ளிக்கு எதிரானது. `d` 9 என்றால் ஆரம் 4 உள்ள வட்டத்தில் 49 பிக்சல்கள். அதில் புள்ளி 9, காகிதம் 40 (கீழே உள்ள எழுத்தை ஒதுக்கிவிடுவோம்). இரைச்சலையும் தூர எடையையும் மறந்துவிட்டு, புள்ளியின் நடுப் பிக்சலுக்குக் கணக்குப் பார்ப்போம். காகிதத்தின் மொத்த எடை 40 × 0.84, கிட்டத்தட்ட 33. புள்ளியின் மொத்த எடை 9. ஆக 140ஆக இருந்த புள்ளி 175க்குப் போய்விடும். காகிதம் 185. மீதி 10 வித்தியாசத்தைத்தான் அம்மம்மாவின் கண் பிடிக்கவில்லை.

`sigmaColor` 30க்கு இறக்கினால் காகிதத்தின் எடை 0.32 ஆகிறது; புள்ளி 167இல் நிற்கும். இன்னும் பாதிக்கு மேல் இழப்பு. 15க்கு இறக்கினால் எடை 0.011, புள்ளி 142. பிழைத்துவிட்டது.

அப்போ 15ஐப் போட்டுவிட்டுப் போகலாமே என்றால், மற்றப் பக்கம் இழுக்கிறது. இரைச்சல் 12 உள்ள காகிதத்தில் இரண்டு காகிதப் பிக்சல்களுக்கு இடையிலேயே வித்தியாசம் 12 × √2, அதாவது 17 அளவில் இருக்கும். `sigmaColor` 15 என்றால் காகிதமே காகிதத்தைப் பாதி நம்பாது. மணல் முழுக்கப் போகாமல் ஆங்காங்கே தனிப் பிக்சல்கள் துருத்திக்கொண்டு நிற்கும். நன்றாக வழுவழுப்பாக வேண்டுமானால் `sigmaColor` இரைச்சலைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். புள்ளி பிழைக்க வேண்டுமானால் புள்ளியின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. என் பக்கத்தில் முதலாவது 24க்குக் குறையாதே என்கிறது, இரண்டாவது 15க்கு மேல் போகாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எண்ணே இல்லை.

இப்படி மாட்டிக்கொண்டால் எண்ணைத் திருப்பித் திருப்பி நேரம் கழிக்க வேண்டாம். புத்தகம் கையில் இருந்தால், ஒரே பக்கத்தை நான்கு தரம் எடுங்கள். போனை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு மேல் சட்டம் போல வைத்து, ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, பக்கம் அசையாமல் எடுக்க வேண்டும். நான்கையும் `float32`இல் கூட்டி நான்கால் வகுத்தால் இரைச்சல் பாதியாகும்: 12 போய் 6. இப்போது `sigmaColor` 15 என்பது இரைச்சலின் இரண்டரை மடங்கு. காகிதமும் வழுவழுப்பாகும், புள்ளியும் 142இல் நிற்கும். அடுத்த நாள் காலை வெளிச்சத்தில் இப்படியே எடுத்தேன். அம்மம்மா அந்தப் பக்கத்தைத் தடங்காமல் வாசித்தார்.

`sigmaSpace` பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். `d` 9ஆக இருக்கும்போது 3 போதும். 75 என்று கொடுத்தாலும் அந்தச் சிறு வட்டத்துக்குள் தூர எடை ஏறக்குறைய மாறவே மாறாது.

வடிகட்டி எதைத் தின்றது என்று பார்ப்பது எப்படி

வெளியீட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கழித்துப் பாருங்கள்.

```python
out = cv2.bilateralFilter(g, 9, 30, 3)
r = (g.astype(np.float32) - out) * 4 + 128
cv2.imwrite("micham.png", np.clip(r, 0, 255).astype(np.uint8))
```

மிச்சப் படம் வெறும் மணலாக இருக்க வேண்டும். அதில் எழுத்தின் சாயல் தெரிந்தால் வடிகட்டி எழுத்தைத் தின்கிறது. என் முதல் படத்தின் மிச்சத்தில் உடல் இல்லாத புள்ளிகள் மட்டும் வரிவரியாக, ஒழுங்காக மிதந்தன. பக்கத்தில் எங்கெங்கே மெய்யெழுத்து இருந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதைப் பார்த்தபோதுதான் நடந்தது முழுமையாக விளங்கியது. இந்தக் கழித்தல் சோதனையை வடிகட்டிகளை ஒப்பிடும் அளவுகோலாக முன்வைத்தவர்கள் புவாதெஸ், கொல், மொரெல் ஆகிய மூவர். 2005இல் நொன்-லோக்கல் மீன்ஸ் வடிகட்டியைத் தந்தவர்களும் அவர்களே.

அறிகுறி: புத்தகம் கையில் இல்லை, ஒரே ஒரு படம்தான், பைலேட்டரலில் நடுவழி கிடைக்கவில்லை

இது இங்கே அடிக்கடி வரும் நிலை. புத்தகக்காரர் விடுமுறைக்கு வந்து, காட்டிவிட்டு, கனடாவுக்குத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். உங்களிடம் இருப்பது அவசரத்தில் எடுத்த ஒரு படம். இதற்குத்தான் நொன்-லோக்கல் மீன்ஸ்.

அது பிக்சலைப் பிக்சலோடு ஒப்பிடுவதில்லை. சுற்றியுள்ள சிறு சதுரத்தைச் சதுரத்தோடு ஒப்பிடுகிறது. ஒரு பிக்சல் இரைச்சலால் தடுமாறலாம், ஆனால் 25 பிக்சல்களும் சேர்ந்து ஒரே பக்கமாகத் தடுமாறுவது அரிது. ஆகவே இரைச்சல் 12 இருக்கும்போதும் 45 வித்தியாசமுள்ள புள்ளியை அதனால் அடையாளம் காண முடிகிறது. ஓபன்சிவியில்:

```python
out = cv2.fastNlMeansDenoising(g, None, h=10,
        templateWindowSize=5, searchWindowSize=21)
```

`templateWindowSize` தானாக வருவது 7. தமிழ்ப் பக்கத்துக்கு நான் 5 வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒப்பிடும்போது இரு சதுரங்களின் வித்தியாசத்தின் வர்க்கத்தைச் சராசரி எடுக்கிறார்கள். 7க்கு 7 சதுரத்தில் 49 பிக்சல்கள். அதில் புள்ளி 9 மட்டும். புள்ளியின் வித்தியாசம் அந்த 49இல் பரவி நீர்த்து 372 ஆகிவிடுகிறது. 5க்கு 5இல் அதே புள்ளி 729 கொடுக்கிறது. இரைச்சலின் பங்கு இரண்டிலும் ஒன்றுதான்: 2 × 12², அதாவது 288.

எடை `exp(-சராசரி/h²)` என்பதால் இந்த வித்தியாசம் வெளியீட்டில் பலமடங்காகத் தெரியும். தேடும் பரப்பு 21க்கு 21, அதில் 441 இடங்கள். சுமார் 400 வெறும் காகிதம் என்று வைப்போம். `h` 10, சதுரம் 7 என்றால் ஒவ்வொரு காகிதச் சதுரமும் புள்ளிக்குள் மிகச் சிறிதாகக் கசிகிறது, ஆனால் 400 கசிவும் சேர்ந்து புள்ளியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். சதுரம் 5 என்றால் கசிவு கணக்கில் எடுக்க வேண்டாத அளவுக்குச் சுருங்கும். `h`ஐ 15 ஆக்கி, சதுரத்தை 7இலேயே விட்டால் புள்ளி முழுவதும் போய்விடும்.

சதுரத்தை 3 ஆக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். புள்ளிக்கு நல்லது. ஆனால் 9 பிக்சல் மட்டுமே ஒப்பிடும்போது இரைச்சலோடு இரைச்சல் தற்செயலாகப் பொருந்திவிடும், வெறும் காகிதத்தில் புழு ஊர்ந்தது போல நெளிவுகள் தோன்றும்.

`h` எங்கே தொடங்குவது? ஓபன்சிவியில் இரைச்சல் அளவுக்குச் சற்றுக் குறைவாக, 12க்கு 10 என்று தொடங்கி, மிச்சப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மிச்சத்தில் புள்ளி தலைகாட்டிய எண்ணுக்கு முந்தியதில் நிறுத்துங்கள்.

அறிகுறி: காகிதம் சுத்தம், எழுத்தைச் சுற்றி மட்டும் மணல் ஒட்டிக்கொண்டிருக்கிறது

நொன்-லோக்கல் மீன்ஸில் மட்டும் இதைப் பார்ப்பீர்கள். காகிதச் சதுரத்துக்குத் தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கானவை கிடைக்கின்றன. 'ஞ'வின் வளைவுக்கோ புள்ளிக்கோ 21 பிக்சல் பரப்புக்குள் ஒத்தது எதுவும் கிடைப்பதில்லை. சராசரி எடுக்க ஆள் இல்லாததால் அந்த இடம் பழைய இரைச்சலோடு அப்படியே விடப்படுகிறது.

தமிழில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் ஒரு புள்ளி வருமே, பரப்பைப் பெருப்பித்தால் அடுத்த புள்ளியைப் பிடித்துக்கொள்ளாதா? பிடிக்கும். ஆனால் என் பக்கத்தில் அடுத்த புள்ளி ஐம்பது, அறுபது பிக்சல் தள்ளித்தான் இருந்தது. அதை எட்ட `searchWindowSize` 121 வேண்டும். ஒப்பிட வேண்டிய இடங்கள் 441இலிருந்து 14641 ஆகும். நேரம் 33 மடங்கு. அதைவிடப் பெரிய தொல்லை, காகிதச் சதுரங்களும் அதே அளவுக்குப் பெருகும். ஒவ்வொன்றும் சிறிது கசிந்தாலே புள்ளி மூழ்கிவிடும். பரப்பை ஏற்றினால் `h`ஐ இறக்கியாக வேண்டும். 35 வரை ஏற்றி, `h`ஐ ஒன்று குறைத்துப் பாருங்கள். நேர்கோடுகளைச் சுற்றி மணல் குறையும். புள்ளியைச் சுற்றி இருப்பதை விட்டுவிடுவது என் தீர்மானம். மணலோடு நிற்கும் புள்ளியை வாசிக்க முடியும்.

அறிகுறி: மணல் போய்விட்டது, விரல்ரேகை போன்ற திட்டுகள் மிஞ்சுகின்றன

`s1` 12, `s2` 6 அல்லது 7 என்று வந்திருந்தால் காரணம் இதுதான். பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. போன் நிறங்களை இட்டு நிரப்பும்போதும், தானே ஒருமுறை வடிகட்டும்போதும், ஜேபெக்காகச் சுருக்கும்போதும் மணல் பரந்து திட்டாகிவிடுகிறது. இரண்டு வடிகட்டிகளுமே இரைச்சல் பிக்சலுக்குப் பிக்சல் தனியானது என்று நம்பியே வேலை செய்கின்றன. திட்டைக் கண்டால், அதுவும் ஏதோ வடிவம் என்று எண்ணிப் பத்திரமாகக் காப்பாற்றும். `h`ஐ ஏற்றினால் திட்டுக்கு முன்னர் புள்ளி போகும்.

போன் அனுமதித்தால் `.dng` கோப்பாக எடுங்கள். முடியாவிட்டால் இன்னும் கிட்டப் போய், எழுத்து இரு மடங்கு பெரிதாக விழும்படி எடுத்து, `cv2.resize`இல் `cv2.INTER_AREA` வைத்துப் பாதியாக்கிய பின்னர் வடிகட்டுங்கள். `s1`, `s2` நெருங்கி வந்திருக்கிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள். ஏற்கெனவே சிறிதாக எடுத்த படத்தைப் பாதியாக்க வேண்டாம், மூன்று பிக்சல் புள்ளி ஒன்றரை ஆகிவிடும்.

அறிகுறி: தனிக் கறுப்பு, வெள்ளைப் பொட்டுகள் அசையாமல் நிற்கின்றன

பைலேட்டரலில் ஒரு பொட்டு எல்லா அயலவரிலிருந்தும் வேறுபட்டிருப்பதால் தன் சொல்லை மட்டுமே கேட்கும். `sigmaColor`ஐ ஏற்றி அதை அழிக்க முயலாதீர்கள்.

இதற்கு வழக்கமான மருந்து 3க்கு 3 மீடியன். தமிழ்ப் பக்கத்தில் அதைப் போடும் முன்னர் புள்ளியின் பருமனை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மூன்று புள்ளி நான்கு மூலையை இழந்து கூட்டல் குறியாக மிஞ்சும். இரண்டுக்கு இரண்டு புள்ளி அடியோடு போய்விடும். அதன் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்பதில் நான்கு வாக்குத்தான், பெரும்பான்மை காகிதத்துக்கு. அந்தப் பொட்டு கமராவினதா, காகிதத்தில் பூஞ்சை பிடித்த கறையா என்று தெரியாவிட்டால், பக்கத்தைச் சற்று நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். பொட்டு பக்கத்தோடு நகர்ந்தால் அது கறை. கறையை வடிகட்டியிடம் விடாமல் கையால் தொட்டு எடுப்பதே நல்லது, ஏனென்றால் புள்ளியா கறையா என்பது சொல்லை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

அறிகுறி: புத்தகம் மடியும் இடத்தில் நிழல் படிப்படியாக வெட்டுப்படுகிறது

நடுவில் பக்கம் வளைந்து இருளும் இடத்தில், மெல்ல இறங்க வேண்டிய நிழல் வரப்பு வரப்பாகத் தெரிந்தால் அது பைலேட்டரலின் குணம். சரிவில் நிற்கும் ஒவ்வொரு பிக்சலும் தனக்கு நெருங்கிய ஒளி அளவுள்ள கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது, சரிவு படியாகிவிடும். அதே வடிகட்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் படி இன்னும் கூர்மையாகும். ஒருமுறையோடு நிறுத்தி `sigmaColor`ஐக் குறையுங்கள். போதாவிட்டால் 2010இல் ஹே, சுன், தாங் தந்த கைடட் வடிகட்டியை முயலலாம், `cv2.ximgproc.guidedFilter`. இதற்கு `opencv-contrib-python` தொகுப்பு வேண்டும். சரிவைச் சரிவாகவே விடும். அதன் `eps` ஒளி அளவின் வர்க்கத்தில் உள்ளது என்பதைக் கவனியுங்கள்: 15 என்று நினைத்தால் 225 என்று கொடுக்க வேண்டும்.

அறிகுறி: ஒன்றுமே மாறவில்லை, அல்லது எல்லாமே பனிமூட்டம்

அளவுகோல் பிசகியிருக்கும். படம் 0 முதல் 255 வரை இருக்கும்போது `sigmaColor` 0.05 என்றால் எதுவும் நடக்காது. படத்தை 0 முதல் 1 வரைக்கு மாற்றிவிட்டு 30 கொடுத்தால் எந்த வித்தியாசமும் வித்தியாசமாகத் தெரியாமல் வெறும் மங்கலாக்கல்தான் மிஞ்சும். `g.max()` அச்சிட்டுப் பார்த்து, 1 அளவில் வந்தால் `sigmaColor`ஐ 255ஆலும், வர்க்கத்தில் உள்ள `eps`ஐ 255²ஆலும் வகுத்துக் கொடுங்கள்.